ஒரே தாள், நான்கு நாக்கு

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் காபித்தூள் கடைக்குப் புதுக் கொட்டை மாதிரி வந்தால் நான்கு பேர் ருசி பார்த்து மார்க் போடுவார்கள். கடை அண்ணாச்சி, வறுவல் பார்க்கும் அண்ணன், அரவை மெஷினில் நிற்கும் அக்கா, கவுண்டரில் இருக்கும் தம்பி. மணம், சுவை, திடம், பின்சுவை என்று நான்கு கட்டம் போட்ட ஒரே தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துக்கு மார்க். அரை மார்க்கும் போடலாம். கிளாஸ் தயார் செய்வதும் தாளை வாங்கிக் கணக்குப் போடுவதும் என் வேலை. எந்தக் கிளாஸில் எந்தக் கொட்டை என்பது எனக்குத் தெரியும் என்பதால் நான் மார்க் போடுவதில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் செய்தது சராசரி எடுப்பது மட்டும்தான். நான்கு பேர் மார்க்கைக் கூட்டி நான்கால் வகுத்து, அதிகம் வந்த கொட்டையை வாங்குவோம். ஆனால் நாலும் எட்டும் சேர்ந்தாலும் சராசரி ஆறு, ஆறும் ஆறும் சேர்ந்தாலும் ஆறு. முதல் ஆறு யார் நாக்கிலும் இல்லாத ஆறு. அதை நம்பி மூட்டைக்கணக்கில் கொட்டை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் கொட்டையைச் சோதிப்பதற்கு முன்னால் மார்க் போடுகிறவர்களை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது என்று இறங்கினோம். அதில் நாங்கள் அதிகம் படித்துக்கொண்டது திடம், அதாவது காபி வாயில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற ஒரு கட்டத்தில்தான். அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கிளாஸ்களுக்குள் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சரியில்லை என்றால் நாக்கைக் குறை சொல்ல முடியாது. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் முறையில் 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். எங்கள் கண்ணாடிக் கிளாஸில் 200 மில்லி ஊற்றுவதால் 11 கிராம் எடுக்கிறோம், விகிதம் அதேதான். வறுத்து குறைந்தது எட்டு மணி நேரம் ஆன, ஆனால் ஒரு நாளைத் தாண்டாத கொட்டை. ஃபில்டருக்கு அரைப்பதைவிடக் கொரகொரப்பாக, கிட்டத்தட்ட ரவை பருமனில் அரைக்க வேண்டும். சிக்கரி, பால், சீனி எதுவும் கிடையாது. தண்ணீர் 93 டிகிரியில் தூளின் மேல் நேராக ஊற்றப்படும். நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டியிருக்கும் தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து, அந்த நேரத்தில் மூக்கைக் கொண்டுபோய் மணம் பார்க்க வேண்டும். நுரையையும் மிதக்கும் தூளையும் வழித்துவிட்டு, சூடு 70 டிகிரி அளவுக்கு இறங்கியதும் கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்ச வேண்டும். சத்தம் வந்தால்தான் நல்லது. காபி வாய் முழுவதும் தெறித்து, அதன் வாசம் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் வைத்த காபியும் போர் தண்ணீரில் வைத்த காபியும் ஒன்றாக இருக்காது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு காபியின் மெல்லிய புளிப்பை அடக்கிவிடும். நல்ல அராபிகாகூட மொத்தையாகத் தெரியும். சோதனைக்கு ஒரே குடத்தில் பிடித்த தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் 150 பக்கத்தில் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு சோதனை நாட்களின் மார்க்கை ஒப்பிட வேண்டுமென்றால் இது கட்டாயம்.

அப்புறம் கடைக்குள் இருக்கும் வாசனைகள். காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். சோதனை நாளில் அதை முடிந்த பிறகுதான் போடுகிறோம். அக்கா அன்று மட்டும் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வருவதில்லை. அண்ணாச்சி வெற்றிலையை மதியத்துக்குத் தள்ளிவைக்கிறார். பூண்டுச் சட்னி தொட்டு இட்லி சாப்பிட்டவர் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் உட்கார வேண்டும். இதெல்லாம் மணக் கட்டத்தை நேராகக் கெடுக்கும் விஷயங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு ஒரு நாள் ஆறு கிளாஸ் வைத்தேன். மூன்றிலக்க எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டால் முதலில் இருப்பது உசத்தி என்ற எண்ணம் வரும். அதனால் 283, 417, 956 என்று ஒழுங்கில்லாத எண்கள். பிளாண்டேஷன் ஏ, பீபெரி, அராபிகா செர்ரி, ரொபஸ்டா பார்ச்மென்ட், ரொபஸ்டா செர்ரி என ஐந்து கொட்டைதான். ஆறாவதாக பிளாண்டேஷன் ஏ-யையே இன்னொரு எண்ணில் மறுபடி வைத்தேன். 283-ம் 529-ம் ஒரே காபி. யாரிடமும் சொல்லவில்லை. 638 என்பது ரொபஸ்டா செர்ரி.

திடம் கட்டத்தில் வந்த மார்க் இது. அண்ணாச்சி 283-க்கு 6, 529-க்கு 6.5, ரொபஸ்டா செர்ரிக்கு 8. வறுவல் அண்ணன் 4, 4, 6. அக்கா 7, 5, 7.5. தம்பி 6, 6, 4.5. சராசரி பார்த்தால் 283-க்கு 5.75, 529-க்கு 5.4 பக்கம். ஒரே காபிக்கு ஏறக்குறைய ஒரே சராசரி. நால்வரும் நன்றாகவே போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆள்வாரியாகப் பார்த்தால் நிலைமை வேறு. இங்கே மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்தும் தனித்தனி.

அண்ணாச்சியையும் வறுவல் அண்ணனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவில் எல்லாக் கிளாஸிலும் இரண்டு மார்க்கோ அதைச் சற்று ஒட்டியோ இடைவெளி. ஆனால் இருவருமே ஒரே காபியை ஒரே மாதிரி அடையாளம் கண்டிருக்கிறார்கள். ரொபஸ்டாவை இருவரும் மேலே வைத்திருக்கிறார்கள். நாக்கில் குறையில்லை. எண்ணை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் வேறுபாடு. வறுவல் அண்ணன் கை இறுக்கம், அண்ணாச்சி கை தாராளம். இதைச் சரிசெய்ய, எந்த அளவு திடத்துக்கு எந்த எண் என்று வாயில் உணரக்கூடிய அடையாளம் வேண்டும்.

அதற்கு ஆவின் பாலைப் பிடித்தோம். வெறும் வெந்நீர், நீலப் பாக்கெட் பால், ஆரஞ்சுப் பாக்கெட் பால் மூன்றையும் காய்ச்சி, ஒரே வெதுவெதுப்பில் ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தேன். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். நாக்கை மேலண்ணத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால் மூன்றுக்கும் கனம் வேறு வேறு என்று தெரியும். தண்ணீர் போல ஓடினால் 2, நீலப் பால் அளவு கனம் 5, ஆரஞ்சுப் பால் அளவு 8 என்று தாளிலேயே எழுதிவிட்டோம். சுவை எப்படி இருந்தாலும் கவலையில்லை, வாயில் எவ்வளவு கனம் என்பது மட்டும்தான் இந்தக் கட்டத்தின் கேள்வி. காபியில் இந்தக் கனத்தைத் தருவது அதில் கலந்து நிற்கும் எண்ணெய்ப் பசையும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூளும்தான். அதனால் கிளாஸைக் கலக்காமல் மேலாக எடுத்துக் குடிக்க வேண்டும். அடிமண்டியைக் கிளறி எடுத்தவருக்கு எப்போதும் ஒரு மார்க் கூடுதலாக வரும்.

பால் காட்டிய பிறகும் கசப்பைத் திடமாக எடுத்துக்கொள்வது ஒழியவில்லை. சிக்கரி கலந்த டிகாக்ஷனுக்குப் பழகிய ஊர் நாம். கறுப்பும் கசப்பும் சேர்ந்தால் ஸ்ட்ராங் என்று சொல்லித்தான் பழக்கம். இதைப் பிரித்துக் காட்ட நிலவேம்புக் கசாயம் உதவியது. கடுமையான கசப்பு, ஆனால் வாயில் தண்ணீர் கனம்தான். ஒரு சொட்டு வாயில் விட்டதும் வறுவல் அண்ணனே, “இதுக்குத் திடம் ரெண்டுக்கு மேல போட முடியாது” என்றார். நிலவேம்பை மட்டும் எல்லாம் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்தால் அன்றைய சோதனை அதோடு போயிற்று.

அடுத்து தம்பி. அவன் 283-க்கும் 529-க்கும் ஒரே மார்க் போட்டிருக்கிறான். ஆக நிலையான நாக்கு. ஆனால் மற்ற மூவரும் கனமானது என்று சொல்லும் ரொபஸ்டாவுக்கு அவன்தான் எல்லாரையும்விடக் குறைவாகப் போட்டிருக்கிறான். திசையே மாறிப் போயிருக்கிறது. அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, “என்னலே, இதுக்குப் போய் நாலரை போட்டிருக்க?” என்று கேட்டார். “எனக்கு அது பிடிக்கல அண்ணாச்சி, தொண்டையில கரிச்ச மாதிரி இருக்கு” என்றான். பதிலிலேயே காரணம் வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்ற எண்ணத்தைப் போட தாளில் வேறு இடமில்லை. அது திடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மற்ற கட்டங்களிலும் ரொபஸ்டாவுக்கு அவன் போட்டது நாலு, நாலரைதான். நான்கு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வரிசையாக வந்தால், அங்கே மார்க் வாங்கியது பிடித்தம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை மறந்துவிட்டு மார்க் போடு என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. யாராலும் அப்படி மறக்க முடியாது. தாளின் அடியில் ‘எனக்குப் பிடித்தது’ என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த மார்க் கூட்டலில் சேராது, ஆனால் அண்ணாச்சி அதைப் பார்ப்பார். கவுண்டரில் வாடிக்கையாளரோடு பேசுகிறவன் அவன்தான் என்பதால் அவன் பிடித்தத்துக்கும் மதிப்பு உண்டு. அந்த வரியை முதலில் நிரப்பிவிட்டு மற்றதற்குப் போகச் சொன்னோம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவன் திடத்தைத் திடமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

அக்காவின் மார்க்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரே காபிக்கு 7, பிறகு 5. ஒருவர் தன்னோடு தானே ஒத்துப்போகாதபோது அவரை மற்றவர்களோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. மறைத்து வைத்த ஜோடிக்கு ஒருவர் போடும் மார்க்கைத்தான் நான் எப்போதும் முதலில் பார்க்கிறேன். அரை மார்க் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். ஒரு மார்க் என்றால் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அன்று அவர் அந்தக் கட்டத்தில் போட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது எங்கள் கடைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவு. அரை மார்க் அளவுகோல் என்பதால் இப்படி.

ஏன் அப்படி வந்தது என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அக்கா நிதானமாகப் பார்க்கிறவர். கடைசிக் கிளாஸுக்கு வரும்போது காபி ஆறியிருக்கும், சூட்டைப் பொறுத்து உணர்வு மாறியிருக்கலாம். இன்னொன்று, 283 அவர் பார்த்த முதல் கிளாஸ். 529 ரொபஸ்டாவுக்கு அடுத்து வந்த கிளாஸ். கனமான ஒன்றைக் குடித்த வாய்க்கு அடுத்தது இலேசாகத் தெரியும். இரண்டில் எது என்று பேசிக்கொண்டிருப்பதைவிட வைத்துப் பார்ப்பது மேல். அடுத்த சோதனையில் ரொபஸ்டாவை இரண்டாவதாகவும் பிளாண்டேஷன் ஏ-யை மூன்றாவதாகவும் வைத்து, மறுபடியும் அதே பிளாண்டேஷன் ஏ-யைக் கடைசியில், பீபெரிக்கு அடுத்து வைத்தேன். ஆறுவதுதான் காரணம் என்றால் கடைசிக் கிளாஸுக்குக் குறைய வேண்டும். அப்படி ஆகவில்லை, ரொபஸ்டாவுக்கு அடுத்திருந்த மூன்றாவதுக்கே 5 போட்டார், கடைசிக்கு 6.5. முந்தைய கிளாஸின் தாக்கம்தான் அது.

இது அக்காவுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. எல்லா நாக்குக்கும் கொஞ்சம் உண்டு, அவருக்குச் சற்று அதிகம். அதனால் வழியை எல்லாருக்குமாக மாற்றினோம். மார்க்கில் சேராத ஒரு காபியை முதலில் எல்லாரும் ஒரு கரண்டி குடித்து வாயைப் பழக்கிக்கொள்வது. முதல் கிளாஸுக்கு வரும் தனிச் சலுகை இதில் குறைகிறது. கிளாஸ்களை ஆளுக்கு ஒரு வரிசையில் பார்ப்பது. அப்போது ஒரே கிளாஸ் எல்லாருக்கும் ரொபஸ்டாவுக்கு அடுத்ததாக வராது. ஒவ்வொரு கிளாஸுக்கு நடுவிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. எல்லாவற்றையும் மூன்று சுற்று பார்ப்பது: சூடாக இருக்கும்போது சுவையும் பின்சுவையும், வெதுவெதுப்பாகும்போது திடம், நன்றாக ஆறிய பிறகு முன்னே போட்டது சரிதானா என்று ஒரு முறை. நம்மூர் சித்திரை வெயிலில் கிளாஸ் ஆறுவதற்கே நேரம் பிடிக்கும். ஃபேனை அணைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார வேண்டும். ஃபேன் ஓடினால் அதன் பக்கத்துக் கிளாஸ் முந்தி ஆறிவிடும்.

இன்னொரு சங்கதி மரியாதை. அண்ணாச்சி “நல்ல காபிடே” என்று வாய்விட்டுச் சொன்னால் மற்ற மூவரின் பேனாவும் ஏறிவிடும். இதை அவரிடமே சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தாள் முழுவதும் நிரம்பி என் கைக்கு வரும் வரை யாரும் பேசுவதில்லை, முகத்தைச் சுளிப்பதும் கூடாது. பேசும்போது வயதில் சின்னவன் முதலில், அண்ணாச்சி கடைசியில். தாளைக் கொடுத்த பிறகு மார்க்கை மாற்றவும் முடியாது. பேசி முடித்த பின் ஒருவருக்கு மனம் மாறினால் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதலாம், பழையது அப்படியே இருக்கும்.

இத்தனையும் பழகிய பிறகு அதே கொட்டைகளை மறுபடி வைத்தபோது திடம் கட்டம் இப்படி வந்தது. ரொபஸ்டா செர்ரிக்கு அண்ணாச்சி 8, வறுவல் அண்ணன் 7.5, அக்கா 7.5, தம்பி 7. பிளாண்டேஷன் ஏ ஜோடிக்கு அண்ணாச்சி 5.5, 5.5; வறுவல் அண்ணன் 5, 5; அக்கா 5.5, 5; தம்பி 5.5, 6. ரொபஸ்டாவுக்கு முன்பு மேலுக்கும் கீழுக்கும் மூன்றரை மார்க் இடைவெளி, இப்போது ஒன்று. தம்பி அடி வரியில் ரொபஸ்டாவுக்கு 3 போட்டிருந்தான். அவனுக்கு அது இப்போதும் பிடிக்கவில்லை; பிடிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

பின்சுவைக் கட்டத்தில் வந்த தகராறு வேறு மாதிரி. துப்பிய பிறகு வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சிலர் பார்த்தார்கள், நிற்பது நன்றாக இருக்கிறதா என்று சிலர். நிலவேம்பு அரை நாள் நிற்கும், அதற்காக 9 போட முடியாது. கடிகாரத்தைப் பார்த்து எத்தனை வினாடி என்பதை ஓரத்தில் எழுதுவது, மார்க்கை அந்த நேரத்தில் இருந்த நல்ல சுவைக்கு மட்டும் போடுவது என்று பிரித்ததும் அது ஓரளவு அடங்கியது. மணத்துக்குக் கருப்பட்டி, வறுத்த கடலை, காய்ந்த எலுமிச்சைத் தோல், ஈரச் சாக்குத் துண்டு ஆகியவற்றைச் சின்ன டப்பாக்களில் வைத்திருக்கிறோம். ஒரே வாசத்தை நான்கு பேரும் ஒரே பெயரில் சொல்வதற்கு அது போதும்.

எல்லா வேறுபாட்டையும் ஆள் மேல் போடக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் பார்த்தோம். ஒரு பீபெரி மாதிரிக்கு அண்ணாச்சி பின்சுவை 7.5 போட்டார், வறுவல் அண்ணன் 4. இருவருமே ஜோடியில் சுத்தமாக இருந்த நாள் அது. சூடு, வரிசை எல்லாம் சரி பார்த்துவிட்டு, இருவரும் எந்தக் கிளாஸிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்டேன். ஒரே எண்ணில் இரண்டு கிளாஸ் வைத்திருந்தேன். ஆளுக்கு ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். மாற்றிக் குடிக்கச் சொன்னதும் அண்ணாச்சியும், “இதுல பூசணம் அடிக்குதே” என்றார். ஒரு கிளாஸுக்குப் போன 11 கிராமில் கெட்ட கொட்டை ஒன்றிரண்டு இருந்தாலே அந்தக் கிளாஸ் போய்விடும். ஒவ்வொரு கிளாஸுக்கும் கொட்டையைத் தனியாக எடைபோட்டுத் தனியாக அரைப்பது இதற்காகத்தான். மொத்தமாக அரைத்துப் பங்கிட்டால் கெட்டது எல்லாக் கிளாஸிலும் கரைந்து, எதில் என்று தெரியாமல் போகும். இப்போது ஒரு மாதிரிக்கு ஐந்து கிளாஸ் வைக்கிறேன், எல்லாரும் ஐந்திலும் எடுக்க வேண்டும்.

இப்படி நிலைக்குக் கொண்டுவந்த நாக்கு அப்படியே நிற்காது. பால் அடையாளத்தை மாதம் ஒரு முறை மறுபடி காட்டுகிறோம். மார்க் மெல்ல ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மாறாத ஒரு காபி வேண்டும். வறுத்தது சில வாரத்தில் பழசாகிவிடும் என்பதால் பச்சைக் கொட்டையாகவே கொஞ்சம் பிளாண்டேஷன் ஏ-யைக் காற்றுப் புகாத பையில், வெயில் படாத அறையில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் முந்திய நாள் அதில் ஒரு பிடியை அதே பதத்தில் வறுத்து, ஏதோ ஒரு எண்ணில் நடுவில் நுழைத்துவிடுவேன். பச்சைக் கொட்டையும் காலப்போக்கில் சுவை மங்கும். அதனால் பழையது தீரும் முன்பே புதியதை வாங்கி இரண்டையும் சில முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுகிறோம்.

பால், சிக்கரி சேர்த்துப் பார்ப்பது தனி நாள், தனித் தாள். பாலின் கனம் திடக் கட்டத்தை மூடிவிடும்; சிக்கரியும் தன் கனத்தைச் சேர்த்துவிடும். சட்டப்படி கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம். அந்த அளவில் கொட்டையின் பின்சுவை எது, சிக்கரியின் பின்சுவை எது என்று பிரிப்பது எங்கள் நால்வருக்கும் முடியவில்லை. அங்கே கேட்பது ஒரே கேள்விதான்: போன மாதம் விற்ற தூளிலிருந்து இதை வேறுபடுத்திச் சொல்ல முடிகிறதா? மூன்று டம்ளரில் இரண்டு ஒன்று, ஒன்று வேறு. வேறு எது என்று காட்ட வேண்டும். அதற்கு மார்க்கே தேவையில்லை.

புதிதாக ஒரு பையன் அரவைக்குச் சேர்ந்திருக்கிறான். அவனும் தாள் நிரப்புகிறான், ஆனால் மறைத்து வைத்த ஜோடியில் நான்கு கட்டத்திலும் அரை மார்க்குக்குள் தொடர்ந்து நிற்கும் வரை அவன் மார்க் கூட்டலில் சேராது. போன தடவை மணத்திலும் சுவையிலும் நின்றான். திடத்தில் இன்னும் ஒன்றரை மார்க் ஆடுகிறது. அக்காதான் அவனுக்கு நீலப் பாலையும் ஆரஞ்சுப் பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.